களைத்தவர்களுக்கு வேடிக்கை வேண்டாம், வேலை கொடுங்கள்

பிறையிலும் பட்டர்வொர்த்திலும் மாலை வகுப்பு நடத்துகிறவர்கள் வெளியிலிருந்து ஒரு பேச்சாளரை அழைத்தால், நாள், நேரம், இடம் எல்லாம் பேசி முடித்தபின் ஒரு வரி சேர்ப்பார்கள். “எல்லாரும் வேலை முடிஞ்சு நேரா வராங்க சார். ரொம்ப களைப்பா இருப்பாங்க. முதல்ல கொஞ்சம் கலகலப்பா ஆரம்பிச்சிடுங்க.” அக்கறையோடு சொல்லப்படும் வரி அது. அதைக் கேட்ட பேச்சாளர் ஒரு நகைச்சுவைத் துணுக்கைத் தேடி வைத்துக்கொள்கிறார். இல்லாவிட்டால் எல்லாரையும் எழுந்து நின்று கைதட்டச் சொல்லும் விளையாட்டு ஒன்று. அதுவும் இல்லாவிட்டால் தன் வாழ்க்கையின் ஏற்ற இறக்கங்களைச் சொல்லி உற்சாகமூட்டும் கதை. பத்து நிமிடம் இப்படிப் போகும். அதற்கு முன்னால் வரவேற்புரை, பேச்சாளர் பெற்ற பட்டங்களின் பட்டியல், பொன்னாடை, படம் என்று இன்னொரு பத்து நிமிடம் போயிருக்கும். ஏழரை மணி வகுப்பில் பாடம் தொடங்கும்போது மணி எட்டை நெருங்கியிருக்கும்.

களைத்து வந்தவர்களை முதலில் சிரிக்க வைத்து, தட்டி எழுப்பி, அப்புறம்தான் பாடத்துக்குள் அழைத்துப் போக வேண்டும் என்ற இந்தக் கருத்து தவறு என்று நினைக்கிறேன். வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு அது செய்வது தீமை. அவர்களுக்கு உகந்த தொடக்கம், அவர்கள் பகலில் கையாளும் பொருளிலிருந்து எடுத்த ஒரு கடினமான கேள்வி. அதை முதல் நிமிடத்திலேயே பலகையில் எழுதிவிட வேண்டும்.

இந்தக் கருத்து எங்கிருந்து வலுப்பெறுகிறது என்று முதலில் பார்ப்போம். களைப்பு என்றால் தூக்கம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். இரண்டும் வேறு. ஹைஃபாவில் தூக்கத்தை ஆராய்ந்த பெரெட்ஸ் லாவி 1986இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்றைக் காட்டினார். வழக்கமாக இரவில் தூங்குகிறவர்களுக்கு, படுக்கப்போகும் நேரத்துக்குச் சில மணி முன்பு, ஏறக்குறைய இரவு எட்டிலிருந்து பத்துவரை, தூங்கச் சொன்னாலும் தூக்கம் எளிதில் வருவதில்லை. உடலின் கடிகாரம் அந்த நேரத்தில் விழிப்பைத் தாங்கிப் பிடிக்கிறது. பகலெல்லாம் உழைத்துவிட்டு ஏழரை மணி வகுப்புக்கு வருகிறவர் அந்த நேரத்துக்குள் நுழைந்துகொண்டிருக்கிறார். இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் அரைகுறையாகத் தூங்கிவிட்டு வருகிறவருக்கு இது பொருந்தாது. அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். மற்றவர்களை எழுப்ப வேண்டிய அவசியம் இல்லை. அவர்கள் விழித்துத்தான் இருக்கிறார்கள்.

அப்படியென்றால் அவர்கள் முகத்தில் தெரியும் சோர்வு என்ன? பிறைத் தொழிற்பேட்டையில் காலை ஏழு மணிக்கு நுழைந்த ஒருவர், அதன்பின் ஒவ்வொரு மணியும் யாரோ சொன்னதைச் செய்திருக்கிறார். மேற்பார்வையாளர் கேட்ட அறிக்கை, இடையில் நின்றுபோன இயந்திரம், மதியம் கூட்டிவைத்த கூட்டம். சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேர வேலை என்பது 2023 ஜனவரி முதல் நடைமுறை. ஓவர்டைம் அதற்கு மேல். அந்த நாளின் முடிவில் மனிதருக்குக் குறைந்திருப்பது உழைக்கும் விருப்பம். இன்னும் ஒரு மணி நேரம் மூளையைச் செலவழித்தால் என்ன கிடைக்கும் என்று அவர் கணக்குப் பார்க்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தக் கணக்கு தொடங்கிவிடுகிறது. எழுந்து நின்று பக்கத்தில் இருப்பவரிடம் உங்களுக்குப் பிடித்த உணவு எது என்று கேளுங்கள் என்று சொல்கிற பேச்சாளர், அந்தக் கணக்கில் ஒரு செலவைச் சேர்க்கிறார். வரவு எதுவும் வைக்கவில்லை. பகல் முழுக்கச் சொன்னதைச் செய்தவரிடம் மறுபடி ஒரு கட்டளை.

சிரிப்பால் தீமை ஒன்றும் இல்லையே, இலகுவாகத் தொடங்கினால் மனம் திறக்கும், அதன்பின் பாடம் எளிதாக ஏறும் என்று கேட்பார்கள். இது நியாயமான வாதம்தான். ஆனால் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஷானன் ஹார்ப்பும் ரிச்சர்ட் மேயரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு மின்னல் எப்படி உருவாகிறது என்பதை விளக்கும் பாடம் ஒன்றை வைத்துச் செய்யப்பட்டது. ஒரு குழுவுக்குப் பாடம் மட்டும். இன்னொரு குழுவுக்கு அதனோடு மின்னல் தாக்கிய மனிதர்களைப் பற்றியும் விமானங்களைப் பற்றியும் சுவையான செய்திகள். சுவையான செய்திகளைப் படித்தவர்கள் மின்னலின் காரணத்தைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள், புதிய கேள்விகளுக்குக் குறைவாகவே விடை கண்டார்கள். இங்கே நமக்கு முக்கியமானது அதன் அடுத்த பகுதி. அதே சுவையான செய்திகளைப் பாடத்தின் தொடக்கத்தில் வைத்தபோது கேடு அதிகம், முடிவில் வைத்தபோது குறைவு. காரணம் என்று அவர்கள் சொன்னது இதுதான்: எது முதலில் வருகிறதோ அதைச் சுற்றித்தான் மனம் பிறகு வருவதை அடுக்குகிறது. விபத்துக் கதை முதலில் வந்தால், மேகத்துக்குள் நடப்பதும் விபத்துக் கதையின் கிளையாகவே சேமிக்கப்படுகிறது.

தொடக்கத்தில் சொன்ன துணுக்கு மறுநாள் தொழிற்சாலைக் கேண்டீனில் நினைவுக்கு வருகிறது, பாடம் வருவதில்லை என்று பேச்சாளர்கள் வருத்தப்படுவதுண்டு. அதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. மனத்தின் முதல் இடத்தைத் துணுக்குக்குக் கொடுத்தவர் பேச்சாளர்தான்.

இப்போது நான் சொல்லும் தொடக்கம் எப்படி இருக்கும் என்று ஒரு வகுப்பை எடுத்துக்கொண்டு முழுவதுமாகக் காட்டுகிறேன். பிறை, மாக் மண்டின், புக்கிட் மின்யாக் பகுதிகளில் வேலை செய்யும் பராமரிப்புத் தொழில்நுட்பர்கள், சார்ஜ்மேன் சான்றிதழுக்குப் படிக்கிறவர்கள், நாற்பது பேர். பேச்சின் பொருள் பவர் ஃபேக்டர். பாடநூல் வழியில் போனால் முக்கோணம் ஒன்று வரைந்து, இது உண்மையான சக்தி, இது தோற்ற சக்தி, இந்தக் கோணத்தின் கோசைன்தான் பவர் ஃபேக்டர் என்று ஆரம்பிக்க வேண்டும். கலகலப்பு வழியில் போனால் பீர்க் குவளையும் நுரையும் படம் போட்டு, பீர்தான் வேலை செய்கிற சக்தி, நுரை வீண் என்று சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும். உலகம் முழுவதும் ஓடும் படம் அது. பாதிப் பேருக்கு அந்தக் குவளையே ஏற்புடையது அல்ல என்பது ஒருபுறம் இருக்க, நுரை வீண் என்பதே தவறான பாடம். அந்த நுரை இல்லாவிட்டால் மோட்டாரில் காந்தப்புலமே உண்டாகாது.

இரண்டையும் விட்டுவிடுங்கள். பேச்சாளர் பலகையில் ஒரு மின்கட்டண ரசீதிலிருந்து சில எண்களை மட்டும் எழுதுகிறார். இந்த மாதம் 80,000 கிலோவாட் மணி. ரியாக்டிவ் மீட்டரில் 56,000. பவர் ஃபேக்டர் 0.82. மின்கட்டணம் 40,000 ரிங்கிட். அதன்கீழே பவர் ஃபேக்டர் சர்சார்ஜ் 1,800 ரிங்கிட். இன்னொரு வரியில்: போன மாதம் 0.91, சர்சார்ஜ் இல்லை. உற்பத்தி மாறவில்லை, புதிய இயந்திரம் வரவில்லை, மீட்டர் சரியாக இருக்கிறது.

பிறகு கேள்வி. “நாளைக்குக் காலையில் மேனேஜர் இந்தப் பில்லை உங்கள் கையில் கொடுக்கிறார். நீங்கள் முதலில் எந்த இடத்துக்குப் போவீர்கள், எந்தக் கருவியை எடுத்துக்கொண்டு போவீர்கள்? ஒரு வரி எழுதுங்கள். பெயர் வேண்டாம்.” இரண்டு நிமிடம் யாரும் பேசுவதில்லை. பேச்சாளரும் பேசக் கூடாது. இதுதான் தொடக்கத்தின் மிகக் கடினமான பகுதி. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் பேச்சாளர்கள் குறிப்புக் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். கொடுத்தால் கேள்வி செத்துவிடும்.

இந்தக் கேள்வி ஏன் வேலை செய்கிறது என்று பாருங்கள். அறையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இதற்கு ஏதோ ஒரு விடை உண்டு. கோசைன் தெரியாதவருக்கும் சுவிட்ச் ரூம் தெரியும். மெயின் போர்டைத் திறப்பேன் என்பார் ஒருவர். மீட்டரைச் சோதிக்கச் சொல்வேன் என்பார் இன்னொருவர். கம்ப்ரஸரைப் பார்ப்பேன் என்பார் மூன்றாமவர். கெபாசிட்டர் பேங்க் என்று எழுதுகிறவர்களும் சிலர் இருப்பார்கள். எழுதியபின் அந்த விடை அவருடையது ஆகிவிடுகிறது. அது சரியா தவறா என்று தெரிந்துகொள்ளாமல் அவர் வீட்டுக்குப் போக மாட்டார். விடை தவறாக இருந்தாலும் இழப்பில்லை. ரிச்லண்டும் கோர்னெலும் காவ்வும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கட்டுரையைப் படிக்கும் முன்பே அதன் கேள்விகளுக்கு விடை எழுத முயன்று தோற்றவர்கள், பிறகு படித்தபோது அந்தச் செய்திகளை மற்றவர்களைவிட நன்றாக நினைவில் வைத்தார்கள். தோல்வி கற்பதற்கு இடம் ஒதுக்கி வைக்கிறது.

அமைதி முடிந்ததும் நான்கைந்து சீட்டுகளைப் பேச்சாளர் வாசிக்கிறார். எது சரி என்று சொல்வதில்லை. அடுத்ததாக 1,800 எங்கிருந்து வந்தது என்று மட்டும் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். தெனாகா நேஷனலின் விதிப்படி சாதாரணத் தொழிற்சாலை இணைப்புக்கு 0.85 எல்லை. அதற்குக் கீழே ஒவ்வொரு 0.01க்கும் மின்கட்டணத்தில் ஒன்றரை விழுக்காடு சேரும், 0.75க்கும் கீழே போனால் ஒவ்வொரு 0.01க்கும் மூன்று விழுக்காடு. 0.82 என்றால் மூன்று படி இறக்கம், நான்கரை விழுக்காடு, 40,000க்கு 1,800. இதைப் பார்க்கும்போது வகுப்பில் ஒரு மாற்றம் தெரியும். பலருக்கு இந்தத் தண்டனை விதி இருப்பது தெரியும், ஆனால் அதைத் தாங்களே கணக்கிட முடியும் என்று தெரியாது. கைப்பேசியை எடுப்பார்கள், கணிப்பான் திறக்க.

இதற்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பேச்சாளர் தன்னைப் பற்றி இன்னும் பெயரைத் தவிர வேறு எதையும் சொல்லவில்லை.

மீதிப் பாடம் இந்தப் பில்லுக்குள்தான் நடக்கும். முக்கோணம் இப்போது வரையலாம், ஏனென்றால் அதன் இரண்டு பக்கங்கள் 80,000 என்றும் 56,000 என்றும் பலகையில் ஏற்கனவே இருக்கின்றன. தொழிற்சாலை மாதம் 400 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், சராசரி 200 கிலோவாட், 140 கேவிஏஆர். போன மாதத்து 0.91க்கு எத்தனை கேவிஏஆர் இருந்திருக்கும்? ஏறக்குறைய 90. வித்தியாசம் 50. பின்வரிசையில் இருக்கும் ஒருவர் இந்த இடத்தில் சொல்லிவிடுவார்: “ஒரு ஸ்டெப் போயிருச்சு சார்.” அதேதான். கெபாசிட்டர் பேங்கில் 50 கேவிஏஆர் உள்ள ஒரு படி செத்துப்போயிருக்கிறது. கன்ட்ரோலர் எல்லாப் படியும் போட்டுவிட்டதாகக் காட்டும், விளக்கும் எரியும், ஆனால் அந்தப் படியில் ஃபியூஸ் போயிருக்கலாம், கான்டாக்டரின் முனை கருகியிருக்கலாம், கெபாசிட்டரே கொள்ளளவு இழந்திருக்கலாம். கண்ணால் பார்த்தால் தெரியாது. கிளாம்ப் மீட்டர் வேண்டும். 400 வோல்ட்டில் 50 கேவிஏஆர் படி ஒன்று ஒவ்வொரு ஃபேஸிலும் சுமார் 72 ஆம்பியர் இழுக்க வேண்டும். ஒன்றில் 72க்குப் பதில் பூஜ்யம் காட்டினால் ஃபியூஸ். மூன்றிலும் 40 காட்டினால் கெபாசிட்டர் கிழமாகிவிட்டது. கையை வைப்பதற்கு முன் மின்சாரத்தைத் துண்டித்து, கெபாசிட்டரில் தேங்கிய மின்னூட்டம் வடியும்வரை காத்திருந்து, வோல்ட் இல்லை என்று சோதித்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

இந்தப் பாடத்தில் உற்சாகமூட்டும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் மறுநாள் காலையில் தன் தொழிற்சாலையின் கெபாசிட்டர் பேங்கில் கிளாம்ப் மீட்டரை வைத்துப் பார்க்காமல் இருக்கும் தொழில்நுட்பர் குறைவு.

எதிர்வாதங்களுக்கு வருவோம். மனிதரால் பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து கவனிக்க முடியாது, அதனால் ஆரம்பத்திலேயே கனமானதை வைத்தால் கவனத்தைத் தீர்த்துவிடுவீர்கள் என்பது ஒன்று. இந்தப் பத்து நிமிடக் கணக்கைப் பயிற்சிப் பட்டறைகளில் விஞ்ஞான விதிபோலச் சொல்கிறார்கள். வில்சனும் கோர்னும் 2007இல் அதன் மூலங்களைத் தேடிப் போய்ப் பார்த்து, ஆதாரம் மிகவும் மெலிந்தது என்று எழுதினார்கள். 2010இல் டயான் பன்ஸும் உடன் ஆய்வாளர்களும் வேதியியல் வகுப்பு மாணவர்கள் கையில் பொத்தான் கொடுத்து, கவனம் சிதறும்போதெல்லாம் அழுத்தச் சொன்னார்கள். கவனம் ஒரேயடியாகச் சரிந்து விழவில்லை. சிறிது நேரம் போய், திரும்பி, மறுபடி போய் என்று அலைந்தது. பெரும்பாலான சிதறல்கள் ஒரு நிமிடமோ அதற்கும் குறைவோ. வகுப்பு தொடங்கிய அரை நிமிடத்திலேயே ஒரு சிதறல் இருந்தது. கேள்விக்கு விடை சொல்லும்போதும் செய்முறை காட்டும்போதும் சிதறல் குறைந்தது. அந்தக் கேள்வி முடிந்தபின் வந்த விரிவுரைப் பகுதியிலும் குறைவாகவே இருந்தது. அந்த மாணவர்கள் பகலில் படிக்கிற இளைஞர்கள். இருந்தாலும் கேள்வி தன் நேரத்தைத் தாண்டியும் வேலை செய்கிறது என்பது நமக்கு வேண்டிய செய்தி. கவனத்தைத் தொட்டியில் நிரப்பிய தண்ணீர்போல எண்ணி, கனமானதை வைத்தால் காலியாகும் என்று பயப்படத் தேவையில்லை.

இரண்டாவது எதிர்வாதம் நம் ஊருக்கே உரியது, மற்றதைவிட வலுவானது. ஏழரை மணி வகுப்புக்கு ஏழரைக்கு யார் வருகிறார்கள்? பினாங்கில் சூரியன் மறைவது நவம்பரில் ஏழு மணியையொட்டி, ஜூலையில் ஏழு நாற்பதையொட்டி. வருடத்தின் பெரும்பகுதி, முஸ்லிம் மாணவர்கள் மக்ரிப் தொழுகை முடித்துவிட்டுத்தான் வர முடியும். தீவிலிருந்து வருகிறவர்கள் பாலத்து நெரிசலில் மாட்டியிருப்பார்கள். ஏழு மணிக்கு ஷிப்ட் முடித்தவர் குளிக்காமல்கூட வருவார், ஆனாலும் ஏழே முக்கால் ஆகும். ஆகவே எல்லாரும் வரும்வரை எதையாவது சொல்லி நேரத்தை ஓட்டுவோம், முக்கியமானதைப் பிறகு வைத்துக்கொள்வோம் என்கிறார்கள்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். நேரத்துக்கு வந்தவர் தண்டிக்கப்படுகிறார். அடுத்த வாரம் அவரும் ஏழே முக்காலுக்கு வருவார், பிறகு அதுவே வகுப்பின் நேரம் ஆகிவிடும். தாமதமாக வருகிறவருக்கோ எந்த நன்மையும் இல்லை. கதையின் நடுவில் நுழைகிறார், சிரிப்பு எதற்கென்று தெரியாமல் உட்கார்கிறார். பலகையில் எழுதிய பில் அப்படியல்ல. எப்போது உள்ளே வந்தாலும் அங்கே நிற்கிறது. வந்தவர் அதைப் பார்க்கிறார், பக்கத்தில் இருப்பவர் சீட்டைக் காட்டுகிறார், அவரும் ஒரு வரி எழுதுகிறார். பத்து நிமிடம் தாமதித்தவர் பேச்சாளரை நிறுத்தாமலேயே உள்ளே சேர்ந்துவிடுகிறார். சிதறி வருகிற வகுப்புக்குப் பேச்சைவிடப் பலகைதான் நல்ல தொடக்கம். இதற்காகவே கேள்வியைத் திரையில் போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போவதை நான் ஏற்க மாட்டேன். முழு நேரமும் அது கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, கேள்வியோடு தொடங்கினால் தெரியாதவர் கூனிக் குறுகுவார், அதனால்தான் விளையாட்டோடு தொடங்கிப் பயத்தைப் போக்குகிறோம் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. முன்வரிசையில் இருப்பவரைக் கைகாட்டி, நீங்கள் சொல்லுங்கள் என்று கேட்டால் அந்த வகுப்பு அதோடு முடிந்தது. நாற்பத்தைந்து வயதில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியவர் தன் மகன் வயதுப் பையன்கள் முன்னால் தவறு செய்ய வரவில்லை. இதைவிட ஆபத்தான இன்னொன்றும் உண்டு, வெளியூர்ப் பேச்சாளர்கள் அறியாதது. பிறை வகுப்பொன்றில் ஒரே தொழிற்சாலையின் மேற்பார்வையாளரும் அவரிடம் வேலை செய்பவரும் இரண்டு நாற்காலி இடைவெளியில் உட்கார்ந்திருப்பார்கள். ‘உங்கள் இடத்தில் என்ன கோளாறு நடக்கிறது, பகிர்ந்துகொள்ளுங்கள்’ என்று பேச்சாளர் கேட்டால் இருவரும் வாய் திறக்க மாட்டார்கள். பேச்சாளரோ களைப்பு என்று நினைத்துக்கொண்டு இன்னொரு துணுக்கைச் சொல்வார்.

அதனால்தான் பில் ஒரு கற்பனைத் தொழிற்சாலையுடையதாக இருக்க வேண்டும், விடை பெயரில்லாத சீட்டில் இருக்க வேண்டும், வாசிக்கிறவர் பேச்சாளராக இருக்க வேண்டும். தவறான விடையை வாசிக்கும்போது அதில் இருக்கும் அறிவை எடுத்துச் சொல்ல வேண்டும். கம்ப்ரஸரைப் பார்ப்பேன் என்றவர் தவறு செய்யவில்லை. பாரம் இல்லாமல் ஓடும் மோட்டாரின் பவர் ஃபேக்டர் மிகக் குறைவு, அதை அவர் அனுபவத்தில் பார்த்திருக்கிறார். இந்தத் தொழிற்சாலையில் அது காரணம் அல்ல, ஏனென்றால் உற்பத்தி மாறவில்லை. இப்படிச் சொல்லும்போது போகும் பயம் எந்த விளையாட்டிலும் போகாது.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. மின்சாரம் தெரிந்தவர்கள் மட்டும் இருக்கும் வகுப்பு அபூர்வம். யூஎஸ்எம் 1971இல் தொலைவழிப் படிப்பைத் தொடங்கிய காலத்திலிருந்து இன்று வவாசான் திறந்தவெளிப் பல்கலைக்கழகம்வரை, பினாங்கில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள் ஒரே துறையினராக ஒருபோதும் இருந்ததில்லை. நிர்வாகப் படிப்பு என்றால் ஸ்டோர் கிளார்க், லேப் டெக்னீஷியன், வங்கி ஊழியர், ஆசிரியர் எல்லாரும் இருப்பார்கள். அங்கே பில்லைக் காட்டிப் பயன் இல்லை. எல்லாருக்கும் கையில் வரும் ஒரே தாள் சம்பளச் சீட்டு. தொழிலாளர் சட்டம் பற்றிய பேச்சென்றால் இப்படித் தொடங்கலாம்: மாதச் சம்பளம் 2,600 ரிங்கிட், நாளுக்கு எட்டு மணி நேர வேலை. சாதாரண நாளில் ஒரு மணி நேர ஓவர்டைமுக்கு ஒருவருக்கு 18.75 ரிங்கிட் வந்தது, அதே சம்பளமுள்ள இன்னொருவருக்கு 16.25. யாருடைய சீட்டு தவறு? முதலாமவருக்கு மாதத்தை 26 நாளால் வகுத்திருக்கிறார்கள், இரண்டாமவருக்கு 30 நாளால். சட்டம் சொல்வது 26. விடையைச் சொல்வதற்கு முன் எல்லாரும் தங்கள் சொந்தச் சீட்டை மனத்துக்குள் வகுத்துப் பார்த்திருப்பார்கள்.

தவறான கேள்வியை எப்படி அறிவது? எழுதச் சொன்னதும் பாதிப் பேர் எழுதாமல் பக்கத்தில் பார்த்தால் கேள்வி அவர்கள் கைக்கு எட்டவில்லை. எல்லாரும் அரை நிமிடத்தில் எழுதிவிட்டு நிமிர்ந்தால் மிக எளிது, அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்ததைக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில், எழுதி, அடித்து, மறுபடி எழுதுகிற கேள்விதான் வேண்டும். பேச்சு முடிந்தபின் வரும் முதல் கேள்வியும் ஒரு அடையாளம். ‘சிலைடு அனுப்புவீங்களா’ என்று கேட்டால் அவர்கள் இன்று எதையும் எடுத்துப் போகவில்லை. ‘எங்க இடத்துல எல்லா ஸ்டெப்பும் ஓடுது, ஆனாலும் 0.83தான் வருது, ஏன்?’ என்று கேட்டால் பேச்சாளர் இன்னும் அரை மணி நேரம் வீட்டுக்குப் போக முடியாது.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1908இல் இங்கிலாந்தின் லாங்டனிலும் ரோச்டேலிலும் மட்பாண்டத் தொழிலாளர்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் ஆர்.எச். டானி வகுப்பு எடுக்கத் தொடங்கினார். வேலை முடித்து வருகிறவர்கள். இரண்டு மணி நேரம், அதில் ஒரு மணி விரிவுரை, ஒரு மணி அவர்களுடைய விவாதம். இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும். மூன்று வருடம் தொடர்ந்து வருவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். படிக்கிற பொருளைத் தேர்ந்தெடுப்பதிலும் அவர்களுக்குக் குரல் இருந்தது. அவர்கள் வேலை இன்றைய பிறைத் தொழிலாளியின் வேலையைவிட எளிதாக இருந்திருக்க முடியாது. அந்த ஏற்பாடு களைத்தவர்களிடம் அதிகம் கேட்டது. அவர்கள் அதைக் கொடுத்தார்கள்.

இரவு ஷிப்ட்காரரை மறக்கவில்லை. நேற்றிரவு ஏழிலிருந்து இன்று காலை ஏழுவரை நின்று வேலை பார்த்துவிட்டு, பகலில் நான்கு மணி நேரம் தூங்கியவருக்கு எந்தக் கேள்வியும் தூக்கத்துக்கு ஈடாகாது. துணுக்கும் ஆகாது. அவருக்குச் செய்யக்கூடியது, பேச்சின் கடினமான பகுதியை முதல் முக்கால் மணி நேரத்திலேயே முடித்துவிட்டு, பில்லையும் கணக்கையும் ஒரே தாளில் அச்சிட்டுக் கையில் கொடுப்பது. இடையில் அவர் கண் மூடினால் எழுப்பாமல் விடுவதும் அதில் சேரும்.

ஏற்பாடு செய்கிறவர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. பேச்சாளருக்கு ஒரு வாரம் முன்பே மூன்று செய்திகளை எழுதி அனுப்பிவிடுங்கள்: வகுப்பில் இருப்பவர்கள் என்னென்ன வேலை செய்கிறார்கள், அன்று எத்தனை பேர் நேரே ஷிப்டிலிருந்து வருகிறார்கள், எத்தனை மணிக்குக் கடைசி ஆள் உள்ளே வருவார். அறிமுகத்தை ஒரு வரியில் முடியுங்கள். பொன்னாடையையும் படத்தையும் கடைசிக்குத் தள்ளுங்கள், அப்போது வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் போய்விடலாம். ஏழரைக்கு வாசலில் ஒரு கட்டுச் சீட்டும் பேனாவும் வையுங்கள். பலகையை முன்கூட்டியே துடைத்து வைக்கச் சொல்லுங்கள்.